மீசை வைத்த சீசன் டிக்கெட்

என் கைப்பையில் இப்போது கிடக்கும் மெட்ரோ அட்டையில் முகம் கிடையாது. பணம் போட்டு வாசலில் காட்டினால் கதவு திறக்கிறது. கட்டணத்திலும் கொஞ்சம் தள்ளுபடி. நான் போகாத நாளில் என் மகள் எடுத்துக்கொண்டு போகிறாள், யாரும் கேட்பதில்லை. அவள் அதைக் கையில் சுழற்றியபடி வாசலைக் கடக்கும்போதெல்லாம் மாமா நினைவு வரும். அவர் சொன்னது சரிதான். முப்பது வருடம் முன்னாலேயே சொல்லிவிட்டார், அவ்வளவே.

எண்பதுகளின் கடைசி. நாமக்கல் பக்கத்துக் கடலைக்காட்டிலிருந்து நான் மெட்ராஸ் வந்து, குரோம்பேட்டையில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். எழும்பூரில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. அப்பா ஒரே நிபந்தனை போட்டிருந்தார்: "தை பொறக்கற வரைக்கும் இரு சாமி. ஒரு தடவை ஊட்டுக்குக் காசு கேட்டீன்னாலும் அடுத்த லாரில ஏறி வந்துரோணும்."

நான் தினமும் வரிசையில் நின்று மின்சார ரயிலுக்குப் போகவரச் சீட்டு எடுத்தேன். ஒவ்வொரு சீட்டும் சின்னதுதான். சின்னதுகள் சேர்ந்து சம்பளத்தைக் கறையானாய் அரித்தன. மாதச் சீசன் எடுத்தால் பாதிக்கும் கீழே வரும் என்று தெரியும். ஆனால் மொத்தமாக முன்னால் கட்ட வேண்டுமே. அந்த மொத்தம் என் கையில் ஒருநாளும் சேரவில்லை.

அக்கா வீட்டுக்காரரான மாமாவுக்கு பாரிமுனையில் லாரி புக்கிங் ஆபீசில் வேலை. குரோம்பேட்டையிலிருந்து பீச் ஸ்டேஷன் வரை சீசன் வைத்திருந்தார். ஒருநாள் ஜவுளிப் பொதி காலில் விழுந்து, கட்டுப் போட்டுப் படுத்துவிட்டார். அடிபட்டதைவிட, சீசன் அலமாரியில் சும்மா கிடந்ததுதான் அவருக்குப் பெரிய வலி.

"பர்மிட் இருந்தும் வண்டி நிக்கறதாட்டம் இருக்குது. நீ எடுத்துட்டுப் போ."

"உங்க பேர்ல இருக்குதுங்களே மாமா?"

"அட, பர்மிட் வண்டிக்குத்தான் சாமி. எந்த டிரைவர் ஓட்டறான்னு எவன் பாக்கறான்?"

எங்கள் ஊரில் அது வேதவாக்கு. பர்மிட் லாரியோடு போகும். இன்று ஒருவர் ஓட்டுவார், நாளை இன்னொருவர். நானும் நம்பினேன்.

மாம்பலத்தில் பரிசோதகர் ஏறினார். நான் தயங்காமல் நீட்டினேன். அவர் சீசனோடு இருந்த, படம் ஒட்டிய அடையாள அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அட்டையை.

"இன்னாம்மா, மீசைய எங்க வுட்டுட்டு வந்த?"

பெட்டியே சிரித்தது. அபராதம் கட்டி எழும்பூரில் இறங்கியபோது என் பர்ஸ் தோலும் பொத்தானுமாக இருந்தது. "இத்தோட கொஞ்சம் போட்டிருந்தா சொந்தமா சீசனே எடுத்திருக்கலாமேம்மா" என்றார் அவர், ரசீதைக் கிழித்தபடி. கெட்ட மனிதர் இல்லை.

மாலை அதே பெட்டிகள், அதே நிறுத்தங்கள். திரும்ப வரும் சீட்டுக்குச் சில்லறை போக ஒன்றுமில்லை. அப்பாவுக்கு எழுத வேண்டிய கடிதம் மனசுக்குள் தானாக ஓடியது. பல்லாவரம் தாண்டியதும் அதைக் கசக்கி எறிந்தேன். எழுதமாட்டேன்.

வீட்டில் மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். "என்னாலதான். நான் உங்கப்பாகிட்டச் சொல்லிக்கறேன்."

"சொல்லாதீங்க. உங்க சீசன் நாளன்னிக்கு முடியுது. உங்க கால் ஆற இன்னும் ஒரு மாசம் ஆகும்னு டாக்டர் சொன்னாரில்லீங்க? புதுப்பிக்க எடுத்துவெச்ச காசை எனக்குக் குடுங்க. எம் பேர்ல, எம் மூஞ்சியோட, எழும்பூர் வரைக்கும் மட்டும். பீச் எனக்கெதுக்கு?"

அவர் அக்காவைப் பார்த்தார். "ஏனுங்கோ அம்மணி, உங்க தங்கச்சி ஆபீசையே நடத்துவா போலிருக்குதே."

ஸ்டூடியோவில் சிரிக்காமல் உட்கார்ந்தேன். கவுண்டரில் அடையாள அட்டை எண்ணைச் சீசனில் எழுதித் தந்தார்கள். அன்றிலிருந்து என் சட்டம் ஒன்றே: சம்பளம் வாங்கிய சாயங்காலம் அடுத்த சீசனுக்கானதை முதலில் ஒதுக்கு, அரிசியும் சோப்பும் பிறகு. வழியில் எங்கு இறங்கினாலும் தனிச்சீட்டு வேண்டாம் என்பதால், மாலையில் மாம்பலத்தில் இறங்கித் தட்டச்சு வகுப்புக்குப் போனேன். ஒரே பயணத்தில் இரண்டு வாழ்க்கை.

மார்கழி முடிவில் அப்பா லோடு லாரியில் வந்து இறங்கினார். ஊருக்குக் கிளம்பு என்ற சொல் அவர் வாயருகே நின்றது தெரிந்தது. அது வெளியே வருமுன் சீசனையும் அட்டையையும் கையில் கொடுத்தேன்.

அவர் படத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "உம் பேர்ல பர்மிட்டா?"

"ஆமாங்கப்பா."

"எப்ப முடியுது?"

"தை கடைசிலங்க."

"முடிஞ்சா?"

"புதுப்பிக்கறதுக்கு எடுத்து வெச்சிருக்கறனுங்க."

அட்டையைத் திருப்பித் தந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப ஓடற வண்டிய எதுக்கு நிறுத்தோணும்?" என்றவர், டிரைவரைக் கூப்பிட்டுக்கொண்டே லாரியை நோக்கி நடந்தார்.