வொறண்டிக்கு எழுதிய இரண்டு கடிதங்கள்

கடிதம் எழுதுவதில் ஒஸ்வால்டை அடிக்கக் கொட்டாஞ்சேனையில் ஆள் கிடையாது. துறைமுகக் கிளியரிங் கம்பனி ஒன்றில் முப்பத்தொரு வருடம் கிளாக் வேலை. உடைந்து வந்த பெட்டி, நனைந்து வந்த மூடை என்று எதற்கும் நட்டஈடு கேட்டு எழுதி, வெளிநாட்டுக்காரனையே பணிய வைத்த கை அது. கடதாசி என்றால் கொஞ்சம் பைத்தியமும் உண்டு. ஞானஸ்நானப் பத்திரத்திலிருந்து தண்ணீர் பில் வரை எல்லாவற்றையும் லமினேற் பண்ணி வைப்பார். யுத்தத்தின் செக்பொயின்ற் காலத்தில், மழையில் கரைந்துபோன பொலிஸ் பதிவுத் துண்டுக்காக இரண்டு நாள் சிறைக்கூட்டுக்குள் கிடந்த மனிதர். அவரைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

2018இல் அவர் மனைவி மெற்றில்டாவுக்கு நுரையீரல் பழுதானது. வீட்டில் ஒட்சிசன் இருந்தால்தான் அனுப்புவோம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். வெள்ளவத்தைக் கடையொன்றில் மெசின் வாங்கினார். அறைக் காற்றை இழுத்து, ஒட்சிசனைப் பிரித்து மூக்குக் குழாயில் விடும் பெட்டி. இரண்டு வருட வொறண்டி. வாங்கிய அன்றே பில்லையும் வொறண்டிக் கார்ட்டையும் லமினேற் பண்ணக் கொடுத்துவிட்டார். மனைவியை வீட்டுக்குக் கூட்டிவரும் அவசரத்தில் கார்ட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, மடித்தபடியே ஒட்டுப்பட்டது. பில்லோ சூடு பட்டதும் முழுக்கக் கறுத்துப்போனது. அந்தக் கடதாசியின் குணம் அப்படியென்று பாவம், அவருக்கு யார் சொன்னது?

வாங்கி எட்டாம் மாதம் மெசினில் மஞ்சள் லைட் எரிந்தது. மெற்றில்டாவின் உதடு நீலம் பாரித்தது. திரும்பவும் ஆஸ்பத்திரி. நல்ல மெசின் இல்லாமல் இனி அவள் வீட்டுக்கு வரமுடியாது.

ஒஸ்வால்ட் மெசினை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனார். கறுத்த பில்லைப் பார்த்துக் கடைக்காரர்கள் சிரித்தாலும், சீரியல் நம்பரை வைத்து விற்பனையைத் தேடி, சீல் குத்திய பிரதி கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கடிதத்தை எழுதினார். மொடல், சீரியல் நம்பர், வாங்கிய திகதி. இணைப்பு: பில்லின் பிரதி, வொறண்டிக் கார்ட். பழுது: ஓகஸ்ட் பத்தொன்பதிலிருந்து மஞ்சள் லைட் எரிகிறது, குழாயை மாற்றியும் தூசி வடியைக் கழுவியும் அணையவில்லை, நோயாளியின் ஒட்சிசன் அளவு தொண்ணூற்று மூன்றிலிருந்து எண்பத்துநாலுக்கு இறங்கிவிட்டது. கோருவது: புதிய மெசின், அது வரும்வரை இரவல் மெசின்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பழைய கிளாக்கின் பெருமை விடவில்லை. ஒரு வரி சேர்த்தார்: 'மெசின் மிகுந்த கவனத்துடன் பாவிக்கப்பட்டது. தூசி படாமல் எந்நேரமும் தடித்த துணி உறையால் மூடியே வைக்கப்பட்டிருந்தது.'

திருத்தும் பகுதியில் இருந்த பலீல் மெசினை ஓடவிட்டு அளந்தான். தொண்ணூறு வீதத்துக்கு மேல் வரவேண்டிய ஒட்சிசன் எழுபத்தொன்றுதான் வந்தது. பிறகு கடிதத்தை வாசித்தான். கடைசி வரியில் அவன் விரல் நின்றது.

"அங்கிள், மூடியா வச்சிருந்தீங்க?"

"ஓம் தம்பி. குழாய்க்கு மட்டும் ஒரு ஓட்டை. நானே தைச்சனான்."

பலீல் மேசையிலிருந்து புதுக் கார்ட் ஒன்றை எடுத்து விரித்துக் காட்டினான். உட்பக்கத்தில் அச்சடித்திருந்தது: சுற்றிவர ஓரடி இடைவெளி விடவும். எதனாலும் மூட வேண்டாம். மீறினால் வொறண்டி செல்லாது.

"மெசினும் காத்து இழுக்கணுமே அங்கிள். மூடினா சூடாகி, உள்ளுக்கு ஒட்சிசன் பிரிக்கிற சாமான் செத்துப்போகும்."

"அப்ப அவவுக்கு இவ்வளவு மாதமும்..."

"கொஞ்சம் கொஞ்சமாக் கொறஞ்சிருக்கும்."

 பலீல் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் கடிதத்தைத் திருப்பி நீட்டினான்.

"அந்த வரி இல்லாம வேற எழுதித் தாங்க. அளந்த ரிப்போட்டோட மேல அனுப்புறன். என்னத்தால பழுதெண்டு நான் எழுத மாட்டன்."

முப்பத்தொரு வருடத்தில் ஒரு கோரிக்கையிலும் அவர் உண்மையை மறைத்ததில்லை. அன்றைக்கு அங்கேயே நின்று மறைத்து எழுதினார். வேறு வழி இருந்திருந்தால் நான் அவரைக் குறை சொல்வேன்.

பதினொரு நாளில் புது மெசின் வந்தது. மெற்றில்டாவும் வீட்டுக்கு வந்தாள். உறையை அவர் முன்னமே எரித்துவிட்டிருந்தார். இரண்டாம் நாள், மூச்சு வாங்காமல் ஒரு முழு வசனம் பேச முடிந்ததும், அவள் அவரைக் கூப்பிட்டாள்.

"இஞ்ச பாருங்கோ, மெசினை மாத்தித் தந்தா மட்டும் காணுமோ? ரெண்டு தரம் சாகக் கிடந்தனான். யாற்ற பிழையெண்டு அவங்கள் எழுத்தில தரவேணும். நீங்கள் ஒரு கடிதம் போடுங்கோ. உங்களைப் போல எழுத ஆர் இருக்கினம்?"

 உறையைப் பற்றிச் சொல்லிவிடத்தான் அவர் வாயைத் திறந்தார்.

"ஓம், எழுதுறன்" என்றார்.

அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் உடனேயே மேசையில் இருக்க வேண்டியிருந்தது. கடதாசியை எடுத்துத் திகதி போட்டார். யாருக்கு என்று எழுதும் இடத்தில் பேனாவை வைத்தபடி வெகுநேரம் இருந்தார்.