கிரகணம் காட்ட ஆள் தேவை

மார்கழியில் சூரிய கிரகணம் வருகிறது என்று தெரிந்ததுமே எங்கள் குழுவில் எல்லோருக்கும் கால் தரையில் நிற்கவில்லை. குழு என்றால் பெரிய அமைப்பு ஒன்றுமில்லை. காஞ்சிபுரத்தில் வேலை பார்க்கும் சில ஆசிரியைகள், ஒரு நூலகர், காப்பீட்டு அலுவலகத்தில் கணக்கு எழுதும் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு அறிவியல் விளையாட்டுகள் நடத்துவோம். அரையாண்டு விடுமுறை என்பதால் ஒரு பள்ளி மைதானம் கிடைத்துவிட்டது. ஊரையே கூப்பிட்டுக் கிரகணத்தைக் காட்டிவிடலாம் என்று முடிவானது. உதவிக்கு ஆள் திரட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

வாட்ஸப்பில் போட்டால் காலை வணக்கப் பூக்களுக்கு அடியில் காணாமல் போய்விடும். அதனால் ஞாயிறு விளையாட்டுகளுக்கு வந்த பெற்றோர், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். சூரியன் எத்தனை கோடி மைல் தூரம், கிரகணம் எப்படி உண்டாகிறது, மூடநம்பிக்கை ஏன் கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். கடைசி வரியில், "ஆர்வமுள்ளோர் தொடர்பு கொள்ளவும்." ஒருவரும் தொடர்பு கொள்ளவில்லை.

நூலகர் என் தோழிதான். அவள் கைபேசியில் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"நல்லாதான் எழுதிக்கீற. ஆனா நான் வந்து இன்னா பண்ணணும்? எத்தினி மணிக்கு வரணும்? யாருகிட்ட பேர் குடுக்கணும்? அது எங்கயுமே இல்லியே."

அன்று மாலையே நூலகத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து புதிதாக எழுதினேன்.

"பொருள்: வியாழன் காலை கிரகணம் – உதவிக்கு ஆள் தேவை

வணக்கம். வரும் வியாழன் காலை பள்ளி மைதானத்தில் ஊர் மக்களுக்குச் சூரிய கிரகணம் காட்டுகிறோம். எட்டு மணிக்குத் தொடங்கி, ஒன்பதரை மணி அளவில் உச்சத்துக்கு வந்து, பதினொன்றேகால் வாக்கில் முடியும். நான்கு வேலைகள் இருக்கின்றன.

வரிசை: வருகிறவர்களை நிறுத்தி, சிறு கூட்டமாக உள்ளே அனுப்புவது.
கண்ணாடி: சூரியனைப் பார்ப்பதற்கென்றே செய்த கண்ணாடியைக் கொடுத்து, சில விநாடி பார்த்ததும் திரும்ப வாங்கி, கீறலோ ஓட்டையோ இருந்தால் ஒதுக்கிவைப்பது.
சுவர்: முகம் பார்க்கும் கைக்கண்ணாடியில் வெயிலைப் பிடித்துச் சூரிய பிம்பத்தை வகுப்பறைச் சுவரில் காட்டுவது.
தண்ணீர்: குடிநீர் கொடுப்பது, முதியவர்களை நிழலில் உட்காரவைப்பது.

நேரம்: முதல் முறை ஏழு முதல் ஒன்பது வரை. இரண்டாம் முறை எட்டேமுக்கால் முதல் பதினொன்றரை வரை.
முன் அனுபவம் தேவையில்லை. புதன் மாலை ஐந்து மணிக்கு மைதானத்தில் சொல்லித் தருகிறோம்.
பெயர் கொடுக்க, இந்த மின்னஞ்சலுக்குப் பதிலாக உங்கள் பெயர், வேலை, முறை, கைபேசி எண் நான்கையும் ஒரே வரியில் எழுதுங்கள். திங்கள் இரவுக்குள் போதும்."

உச்ச நேரத்தில் ஆள் மாற்றினால் குழப்பமாகும் என்றுதான் ஒன்பது மணிக்கு முன்பே இரண்டாம் முறையைத் தொடங்கினேன். அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கைபேசி டிங் டிங் என்றது. மறுநாள் அலுவலகத்தில் மேசைக்கு அடியில் வைத்துப் படித்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் பட்டியலில் ஒரு பெயர் ஏறியது.

ஆனால் எல்லோரும் கண்ணாடி வேலையையே கேட்டிருந்தார்கள். வரிசைக்கு ஒருவரும் இல்லை. யார் கிரகணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நிற்பார்கள்?

இன்னொரு மின்னஞ்சல் அனுப்பினேன். கண்ணாடிக்கு இடம் நிரம்பிவிட்டது, வரிசைக்கு ஆள் வேண்டும், வரிசை வேலையில் நிற்பவர்களையும் உச்ச நேரத்தில் முறை போட்டு விடுவித்துக் கிரகணம் காட்டுவோம் என்று உறுதி சொன்னேன். சிலர் மாறிக்கொண்டார்கள். ஆனாலும் அவர்களை நடத்த ஒருவர் வேண்டுமே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு கல்லூரிப் பெண்ணிடமிருந்து பதில் வந்தது.

"அப்பாவின் பெயரைக் கொடுக்கிறேன். வரிசை, இரண்டு முறையும். அப்பா கோயிலில் காவலர். திருவிழாக் கூட்டத்தை வரிசைப்படுத்துவது அவர் வேலை. கிரகணம் அன்று நடை சாத்திவிடுவார்கள். கோயிலில் அனுமதி கேட்டுக்கொண்டு வருவதாகச் சொல்கிறார்."

இரண்டு தடவை படித்தேன். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். ஊரில் கூட்டம் சமாளிக்கத் தெரிந்த மனிதர் அந்த நேரத்தில் சும்மா இருப்பார் என்பது எனக்குத் தோன்றவே இல்லையே!

புதன் மாலை அவர் சைக்கிளில் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் விசில்.

"கிரகணம்னா கதவ சாத்திக்கினு உள்ளயே குந்தியிருப்போம்மா. எத்தினியோ கிரகணம் போயிடுச்சு, ஒண்ணுகூட நான் பாத்ததில்ல," என்றார். "பாத்துட்டுப் போயி குளிச்சிட்டு, நடை தொறக்கறதுக்குள்ள கோயிலுக்குப் போயிடுவேன்."

மறுநாள் எட்டு மணிக்கு வானம் முழுக்க மேகம். ஆனால் மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தறியை நிறுத்திவிட்டுக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். சுவர்ப் பிம்பத்துக்கும் வெயில் வேண்டும். நடுவில் சிறு ஓட்டை போட்ட அட்டையைக் கைக்கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு ஆசிரியை வானத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சிலர் திரும்பினார்கள்.

காவலர் விசில் அடித்தார். "எல்லாரும் அப்பிடியே உக்காருங்கபா! வரிசை கலையாம உக்காருங்க. மேகம் போவும், பாத்துட்டுதான் போறோம்."

உட்கார்ந்தார்கள். திரும்பிப் போனவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். தண்ணீர்க்காரர்கள் நடுவில் புகுந்து குவளை நீட்டினார்கள். ஒன்பது மணி ஆகியும் முதல் முறைக்காரர்களில் ஒருவர்கூட வீட்டுக்குப் போகவில்லை.

உச்சத்துக்குச் சற்று முன்பு மேகம் விலகியது. மைதானமே "ஓ!" என்று கத்தியது. கண்ணாடிகள் கை மாறின. வகுப்பறைக்குள் சுவரில் வெள்ளைப் பிறை தெரிந்ததும் பிள்ளைகள் போட்ட சத்தம் வெளியே கேட்டது. வேப்ப மரத்தடியில் இலை இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சமெல்லாம் பிறை பிறையாகக் கிடந்தது. நெசவு வீட்டு அம்மா ஒருவர் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். "தரையில புட்டா போட்டா மாதிரி இருக்குதேமா!" என்றார், புடவை உடலில் அள்ளித் தெளித்த சரிகைப் பூக்களை நினைத்து.

அப்போதுதான் காவலரைப் பார்த்தேன். வெயிலுக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிப் போய்க் கண்ணாடியை நீட்டினேன்.

"விசிலக் குடுங்க. நீங்க பாருங்க."

"இல்லமா, கூட்டம்..."

"மெயில்ல சொல்லியிருக்கேன். உங்க முறை இது."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார்.

"இன்னாமா இது! கடிச்சு வெச்ச அப்பளம் மாதிரி இருக்குது!"

சிறுபிள்ளை மாதிரி மகளைக் கூவி அழைத்தார். இதற்குள் என் பொறுப்பில் இருந்த வரிசை உடைந்து நாலா பக்கமும் ஓடியது. நான் ஊதிய விசிலை யாரும் மதிக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு விசிலை வாங்கி ஒரே ஊது ஊதினார். வரிசை திரும்ப வந்தது.

எல்லாம் முடிந்து அவர் சைக்கிளில் ஏறியபோது, "சந்திர கிரகணம் எப்போமா வருது?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

அன்று மாலை, உதவியவர்கள் எல்லோருக்கும் நன்றி மின்னஞ்சல் அனுப்பினேன். அதற்கு முதல் பதில், பட்டியலில் இல்லாத ஒருவரிடமிருந்து வந்தது. யாரோ அந்த மின்னஞ்சலை அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். காலையில் வரிசையில் உட்கார்ந்திருந்தவராம். ஒரே வரியில் எழுதியிருந்தார், பெயரும் கைபேசி எண்ணும், "அடுத்த முறை தண்ணீர் வேலைக்கு நான் வருகிறேன்" என்றும்.