ராகு காலத்தில் விற்ற தொட்டில்

வெறுந்தொட்டில் ஆடக் கூடாது என்பார்கள். எங்கள் கடையில் அது ஆடும். மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட்டுக்குப் பின்தெருவில், குழந்தைச் சாமான்கள் விற்கும் சின்னக் கடை. தண்டவாளத்தில் ரயில் போனால் ஆடும். பயிற்சி விமானம் தாழப் பறந்தால் ஆடும். எதுவுமே போகாதபோதும் சில சமயம் ஆடும். அப்போது என் மனைவி பில்லிங் மேசையிலிருந்து எழுந்து வந்து, மடித்த துண்டு ஒன்றை அதற்குள் வைத்துவிட்டுப் போவாள். ஒரு துண்டுக்கு என்ன கனம் இருந்துவிடப் போகிறது? ஆனாலும் நின்றுவிடும்.

கடைக்கும் ஆன்லைனுக்கும் ஒரே இருப்புக் கணக்கு. இங்கே பில் போட்டால் ஒன்று குறையும். சில நிமிடங்களில் அங்கேயும் குறைந்ததாகக் காட்டும். அங்கே யாராவது வாங்கினால் இங்கே குறையும். முன்பு நடுவில் ஒரு தடுப்பு வைத்திருந்தோம். கடையில் நான்கு இருந்தால் ஆன்லைனில் மூன்று என்றே தெரியும். கடைசி ஒன்று கடைக்கு வருகிறவர்களுக்கு. மழைக்காலத்தில் வியாபாரம் படுத்துக் கிடந்தபோது, அந்த மென்பொருளைப் போட்டுக் கொடுத்த என் மைத்துனன், "கடைசி பீஸ் ஏன் மாமா சும்மா தூங்கணும்?" என்றான். சரிதான் என்று பட்டது. தடுப்பை எடுத்துவிட்டோம்.

நாங்கள் யோசிக்காதது ஒன்று. அந்தக் கணினிப் பெட்டிக்குத் தெரிந்தது பில் மட்டும். ஒருவர் கை வைத்தது, மனசு வைத்தது, 'எடுத்து வைங்க, இதோ வந்துடறேன்' என்று சொல்லிவிட்டுப் போனது, இதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. தேக்குத் தொட்டிலில் கடைசி ஒன்று நின்றது. முடிச்சூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார், என் வயதுதான் இருக்கும். நிலம் மனையாக மாறிய குடும்பம். வளையலும் குரலும் ஒன்றாகக் கடைக்குள் நுழைந்தன. தம்பிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பெயர் வைக்கிறார்கள், தொட்டில் அத்தை சீர்.

தட்டிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். "இதான். முடிஞ்சிச்சி," என்றார்.

என் மனைவி பில் போடக் கை வைத்ததும் பதறிவிட்டார். "இன்னாமா நீ! ராவு காலம் ஓடிகினு கீது. நல்ல காரியத்துக்கு வாங்கறேன், இப்போ போய் பில்லு போடறியே. பன்னண்டு ஆவட்டும்."

எங்களுக்கு இது புதிதல்ல. வெள்ளிக்கிழமை முற்பகலில் எங்கள் தெருவில் பாதிக் கடைகளில் வியாபாரம் முடிந்து, பில் மட்டும் காத்திருக்கும். நான் டீ வாங்கி வந்தேன். அவர் நாற்காலியைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அதன் சட்டத்தில் ஒரு கையை வைத்தபடி, தம்பி மனைவியின் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு அடித்ததும், "இப்போ போடு," என்றார். என் மனைவி போட்டாள். இருப்பு பூஜ்யம், தொடரலாமா என்று திரை கேட்டது. அது அவ்வப்போது அப்படி உளறும். தொட்டில் கண்ணெதிரே நிற்கிறது, அதன் மேல் ஒரு கை இருக்கிறது. தொடர் என்று அழுத்தினாள். பில் வந்தது. தொட்டிலுக்கு நேரே திரையில் ஓர் எண் வந்து உட்கார்ந்தது: கழித்தல் ஒன்று.

நான் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இல்லாத தொட்டில் என்றால் புரிகிறது. இல்லாமைக்கும் கீழே ஒரு தொட்டில் என்றால் அது எங்கே நிற்கும், அதில் யார் படுத்திருப்பார்கள்?

"ஆன்லைன்ல போயிருக்கு," என்றாள் என் மனைவி, மெதுவாக. நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, தொட்டிலின் மேல் அந்தக் கை இருந்தபோதே, யாரோ வாங்கியிருந்தார்கள்.

இப்படி நடந்தால் என்ன செய்வோம் என்பது எங்களுக்குள் பேசி வைத்ததுதான். எதிரே நிற்பவருக்குக் கொடுத்துவிட்டு, முகம் தெரியாதவரின் ஆர்டரை ரத்து செய்துவிடுவது. ஆன்லைன் சந்தையில் நம் மதிப்பெண் இறங்கும், அடிக்கடி செய்தால் கணக்கையே முடக்குவார்கள். ஆனால் எதிரே நிற்பவர் கத்துவார், முகம் தெரியாதவர் கத்தினாலும் நமக்குக் கேட்காது. என் மனைவி ரத்துப் பக்கத்தைத் திறந்தாள். காரணம் கேட்டது. 'இருப்பு இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். ஒரே ஒரு அழுத்தம் பாக்கி.

அப்போது அலுவலக அடையாள அட்டை கழுத்தில் ஆட, ஹெல்மெட்டோடு ஒருவர் உள்ளே வந்தார். முப்பதைத் தாண்டியவர்.

"சார், ஆன்லைன்ல தொட்டில் விக்கறது இந்தக் கடைதானே? பேஜ்ல அட்ரஸ் இருந்துது. நாங்க இங்க பெருங்களத்தூர்தான். காலைல ஒரு ஆர்டர் போட்டிருக்கோம்."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் கை மவுஸின் மேலேயே நின்றது.

"அதைப் பத்திச் சொல்லணும்னுதான்…" என்று நான் ஆரம்பித்தேன்.

"கேன்சல் பண்ண வரல சார். நேர்மாறா. டெலிவரி குடுக்காம கொஞ்ச நாள் கடையிலேயே வெச்சிருக்க முடியுமான்னு கேக்க வந்தேன்." ஹெல்மெட்டைக் கழற்றினார். தலைமுடியெல்லாம் வியர்வை. "வொய்ஃபுக்கு ஏழாவது மாசம். கொழந்த பொறக்கறதுக்கு முன்னாடி தொட்டில் வீட்டுக்கு வரக் கூடாதுன்னு அவங்கம்மா சத்தம் போடுவாங்க."

"பொறந்தப்புறம் வாங்கிக்கலாமே சார்," என்றாள் என் மனைவி. குரலில் ஒரு நம்பிக்கை இருந்தது.

 அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை மேடம். ரெண்டு தடவையும் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து, போட்டு வெச்ச ஆர்டரையெல்லாம் நான்தான் உக்காந்து கேன்சல் பண்ணேன். ஒவ்வொண்ணுக்கும் அவ ஃபோனுக்கு மெசேஜ் போகும். அடுத்த ரூம்ல டிங்குன்னு சத்தம் கேக்கும். இந்த தடவை ஒரு நாப்கின்கூட வாங்க மாட்டேன்னு இருந்தா. இன்னிக்குத் தானா இத மட்டும் போட்டிருக்கா. நான் ஆபீஸ்ல இருக்கேன், 'தைரியமா போட்டுட்டேன்'னு மெசேஜ் பண்றா."

என் மனைவி மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் 'ரத்து செய்' என்ற சொல் அப்படியே நின்றது. அவர் பார்த்துவிடக் கூடாதே என்று நான் திரைக்கு முன்னால் நகர்ந்து நின்றேன்.

"இன்னா சார்," என்றார் நாற்காலியில் இருந்தவர். "அவரு சொல்றது என் தொட்டிலா?"

மறைக்க ஒன்றும் இல்லை. சொன்னேன். பட்டறையிலிருந்து அடுத்தது வர வாரக்கணக்காகும். ஆர்டரை நிறுத்தி வைக்கவும் வழியில்லை. குறித்த கெடுவுக்குள், அதாவது நாளை சாயங்காலத்துக்குள் அனுப்பவில்லை என்றால் அந்த ஆன்லைன் சந்தையே ரத்து செய்துவிடும். செய்தி எப்படியும் அந்தப் பெண்ணின் கைபேசிக்குப் போகும்.

"அப்போ இது வேற யாருக்கோ…" என்று ஹெல்மெட்காரர் தொட்டிலைப் பார்த்தார். அதுவரை அதன் மேல் ஒரு கை இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"நான்தாம்பா மொத பாத்தேன்," என்றார் அந்தப் பெண்மணி. கொஞ்சம் சத்தமாகவே. "காலைலேந்து குந்திகினு கீறேன்."

"தெரியாதுக்கா. சாரி."

ரயில் ஒன்று போனது. கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. அந்தப் பெண்மணி கையை எடுத்திருந்தார் போல, தொட்டில் ஆடத் தொடங்கியது. நாங்கள் நால்வரும் அதையே பார்த்தோம். துண்டுகூட இல்லாமல் அது போய் வந்தது, போய் வந்தது. எனக்கு அப்போது தோன்றியதை எழுதக் கூச்சமாக இருக்கிறது: திரையிலிருந்த கழித்தல் ஒன்று இறங்கி வந்து அதில் படுத்துக்கொண்டது.

அந்தப் பெண்மணி எழுந்து இரண்டு கையாலும் தொட்டிலைப் பிடித்து நிறுத்தினார்.

"எனக்கு வாணாம்மா."

"நீங்கதானே முதல்ல பாத்தீங்க, பில்லும் போட்டாச்சு," என்றாள் என் மனைவி.

"மொதலு கடைசின்னு இப்போ எவன் பேசறான்? இத எட்துகினு போனா, ஆட்டச் சொல்லோல்லாம் அந்தப் பொண்ணு நெனப்புதான் வரும். என் தம்பி புள்ளைக்கு அது ஆவாது." பிறகு ஹெல்மெட்காரர் பக்கம் திரும்பினார். "தம்பி, இத முழுசாவா அனுப்புவாங்கோ?"

"பிரிச்சு, அட்டைப் பெட்டியிலதான் போகும்," என்றேன் நான்.

"அப்புறம் இன்னா? பொட்டிய பிரிக்காத. கட்டிலு கீழ தள்ளிடு. உன் மாமியாரு கேட்டா அலமாரி பலகைன்னு சொல்லு. மாட்டினாத்தான் அது தொட்டிலு. அது வரிக்கும் கட்டை."

அவர் சிரிக்க முயன்றார். முகம் ஒத்துழைக்கவில்லை. "தேங்க்ஸ்க்கா" என்பதைக்கூட முழுதாகச் சொல்லவில்லை; ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கடைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, வெளியே போனார்.

என் மனைவி ரத்துப் பக்கத்தை மூடினாள். கடை பில்லைத் திருப்பிப் போட்டதும் கழித்தல் ஒன்று பூஜ்யமாயிற்று. அந்தப் பெண்மணி பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"புடவைல தூளி கட்டிக்கறேன், எனக்கென்ன. ஆனா ஒண்ணு. பொம்பள ஒருத்தி கைய வெச்சிகினு கண்ணெதிர குந்திகினு கீறா. அது தெரியாம எங்கியோ கீறவளுக்கு விக்குது உன் பொட்டி. அத மொத சரி பண்ணு. பேஜாரு."

சரி செய்தோம். தடுப்பைத் திரும்ப வைத்தோம். ராகு காலத்தில் யார் கை வைத்தாலும், பில் போடாவிட்டாலும், அந்தப் பொருளை உடனே 'ஒதுக்கியது' என்று கணக்கிலிருந்து விலக்கிவிடுகிறோம். பன்னிரண்டுக்கு மேல் பில். அந்தத் தவறு அதற்குப் பிறகு நடக்கவில்லை.

அன்று மாலையே நான்தான் தொட்டிலைப் பிரித்தேன். ஒவ்வொரு கட்டையாகக் கழற்றி, குமிழ் உறையில் சுற்றி, போல்ட்டுகளைப் பொட்டலம் கட்டிப் பெட்டிக்குள் வைத்தேன். மாட்டும் முறை அச்சிட்ட தாளில் எங்கள் கடை எண் இருக்கும். கூரியர்காரர் பெட்டியைத் தோளில் ஏற்றியபோது, ஏனோ, மெதுவா என்றேன். "கட்டைதானே சார்," என்றார்.

பிறகு தினமும் அந்த ஆர்டரைத் திறந்து பார்த்தேன். அனுப்பப்பட்டது. சேர்ந்துவிட்டது. அதற்கப்புறம்தான் பயம் பிடித்தது, திரும்பி வருகிற பொருட்களின் பட்டியலைத் திறக்கும் ஒவ்வொரு காலையும். திருப்பி அனுப்பும் கெடு ஒரு நாள் முடிந்தது. என் மனைவியிடம் சொன்னேன். "அதனால?" என்றாள். அவள் கேட்டது சரி. பெட்டி அந்த வீட்டில் இருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். கட்டிலுக்குக் கீழே எவ்வளவு காலமும் ஒரு பெட்டி இருக்கலாம்.

அந்த மாதிரித் தொட்டிலை வாங்கிய யாரும் எங்களைக் கூப்பிடாமல் மாட்டியதில்லை. குறுக்குக் கட்டைகள் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று மட்டும் நகக்கண் அளவு கூடுதல் நீளம். மாற்றிப் போட்டுவிட்டு, தொட்டில் ஒரு பக்கம் இழுக்கிறது என்று கூப்பிடுவார்கள். பின்னால் பிள்ளை அழும் சத்தம் கேட்கும்.

அந்த ஹெல்மெட்காரர் சொன்ன ஏழாவது மாதத்திலிருந்து நான் கணக்குப் போடுவதில்லை என்று சொன்னால் பொய். தொட்டில் மாட்டுவது பற்றி யார் கூப்பிட்டாலும் முதலில், "எந்த ஏரியா?" என்று கேட்டுவிடுகிறேன். காட்டாங்குளத்தூர் என்கிறார்கள். ஆவடி என்கிறார்கள். பெருங்களத்தூர் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. நீளமானது கால் பக்கம் என்று சொல்லிக் கொடுக்கிறேன்.

கடைத் தொலைபேசியின் ரிசீவரை நான் மதியத்திலும் எடுத்துக் கீழே வைப்பதில்லை. புதுத் தொட்டில்கள் வந்துவிட்டன. ரயில் போகிறது, முன்னால் நிற்பது ஆடுகிறது. என் மனைவி துண்டோடு எழுந்து வருகிறாள். நான் தொலைபேசியைப் பார்க்கிறேன். நீளமானது கால் பக்கம்.