பத்திரத்தை வாங்கிக்கொண்டு போனவர்

வங்கி வேலையில் முப்பத்திரண்டு வருடம் இருந்தேன். கடைசி ஏழு வருடம் அருப்புக்கோட்டைக் கிளையில் கடன் பிரிவு. அந்த ஏழு வருடத்தில் என்னால் ஒருவருக்கும் கெடுதல் இல்லை என்று ஓய்வுபெற்ற அன்று மாலையைப் போட்டுக்கொண்டு பேசினேன். எதிரே உட்கார்ந்து கை தட்டியவர்களில் அண்ணாச்சியும் ஒருவர். அவர் கை தட்டியதைப் பார்த்ததும் பேச்சைப் பாதியில் முடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மற்றவர்கள் அதைப் பிரிவுத் துயரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அண்ணாச்சி என்று நான் சொல்வது விசைத்தறிக்கு உதிரிபாகம் விற்கிற கடைக்காரரை. தறிக்காரர் ஒருவர் அவருடைய பல வருட வாடிக்கை. அந்தத் தறிக்காரர் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிறவர், கலகலப்பான மனிதர். ஆறு தறி வைத்திருந்தார், மேலும் நான்கு போட எங்களிடம் கடன் கேட்டார். குமாரலிங்கபுரம் பக்கம் அவருக்கு இரண்டு ஏக்கர் மானாவாரிக் காடு இருந்தது. கருவேல முள்ளும் கரிசல் வெடிப்பும்தான், மழை பெய்தால் கொத்தமல்லி விதைக்கலாம். அதன் பத்திரத்தை அடமானமாக வாங்கிக்கொண்டோம். அது போதாது, ஜாமீனும் வேண்டும் என்றேன். அண்ணாச்சி வந்து கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கு அவருக்கு நான் பாடம் எடுத்தது நன்றாக நினைவிருக்கிறது. "இதுல மூணு பேரு இருக்கோம் அண்ணாச்சி. கடன் குடுக்கிற நாங்க, வாங்குற அவரு, ஜாமீன் நிக்கிற நீங்க. அவரு கட்டலைன்னா நாங்க நேரா உங்ககிட்டத்தான் வருவோம். முதல்ல அவர் மேல கேஸ் போடுங்கன்னு நீங்க சொல்ல முடியாது."

"தெரியும் சார். தொழில் பழக்கம், மாட்டேன்னு சொல்ல முடியல" என்றார்.

நூல் விலை ஏறியது, சேலை விலை ஏறவில்லை. ஒன்றரை வருடத்தில் தறிக்காரர் தவணை கட்டுவதை நிறுத்தினார். தறிகள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்பு எடைக்குப் போனது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. முதலில் அவருக்கு நோட்டீஸ், பிறகு அண்ணாச்சிக்கு நோட்டீஸ். அண்ணாச்சி சண்டை போடவில்லை. திருச்சுழியில் மகள் வீடு கட்டுவதற்கென்று வாங்கிப் போட்டிருந்த மனையை விற்று, அசலும் வட்டியுமாக மொத்தத்தையும் ஒரே நாளில் கட்டினார். பணம் கட்டிய சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே என் மேசைக்கு வந்தார்.

"சார், அவரு காட்டுப் பத்திரம் இங்கதான இருக்கு? அதுல எனக்கு ஏதும் உண்டா?"

மணி ஒன்றரை. பசி. "அது அவரு பத்திரம் அண்ணாச்சி, உங்களுக்கு எப்படி வரும்?" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.

இதற்குப் பசியை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் கிளையில் வழக்கம் அப்படி. கணக்கு முடிந்தால், வைத்தவர் கையில் பத்திரத்தைக் கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் அரைக் கிலோ காராச்சேவு வாங்கி வருவார், எல்லோரும் ஆளுக்கொரு கை அள்ளுவோம். அந்தப் பதிவேட்டில் பத்திரம் வைத்தவர் பெயருக்குக் கட்டம் உண்டு, வாங்கிக்கொண்டவர் கையெழுத்துக்குக் கட்டம் உண்டு. பணத்தைக் கட்டியது யார் என்று கேட்கிற கட்டம் கிடையாது. கணக்கு முடிந்தது என்றால் கடன் முடிந்தது என்றே பழகிவிட்டோம்.

ஆனால் கடன் முடியவில்லை. எங்களுக்குத்தான் முடிந்தது. ஜாமீன்தாரர் முழுப் பணத்தையும் கட்டிய அந்த நிமிடமே அவர் எங்கள் இடத்துக்கு வந்துவிடுகிறார். கடன்காரர் மேல் எங்களுக்கு என்ன உரிமை இருந்ததோ அதெல்லாம் அவருக்கு. எங்களிடம் இருக்கிற அடமானமும் அவருக்குத்தான் வர வேண்டும். அப்படி ஒரு அடமானம் இருப்பது அவருக்குத் தெரியாமலே இருந்தாலும் சரி. பதவி உயர்வுப் பரீட்சையில் இதே கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியவன் நான். சாப்பிட்டுக் கை கழுவும்போதே அது நினைவுக்கு வந்தது. வாசலுக்கு வந்து பார்த்தேன். அண்ணாச்சி போய்விட்டார். அவர் கடை இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. நான் போகவில்லை.

பத்து நாள் கழித்துத் தறிக்காரர் காராச்சேவுப் பொட்டலத்தோடு வந்தார். பத்திரத்தை எடுக்க அலமாரி வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். பணம் கட்டியது ஜாமீன்தாரர் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவருக்கு ஆய்வு வருகிற நேரம். வாராக்கடன் ஒன்று குறைந்த சந்தோஷத்தில் இருந்தார். "பைலை முடிச்சு விடுங்க சார். உங்களுக்குப் பயமா இருந்தா தறிக்காரருகிட்ட ஒரு இண்டெம்னிட்டி வாங்கிக்கங்க" என்றார்.

வாங்கினேன். முத்திரைத்தாளில் நானே வாசகம் சொன்னேன். இந்தப் பத்திரத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்ததால், ஜாமீன்தாரர் உரிமை கோரி வங்கிக்கு ஏதேனும் நஷ்டம் வந்தால் அதை நானே ஈடு செய்கிறேன் என்று தறிக்காரர் கையெழுத்துப் போட்டார். சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானத்தையும் ரத்து செய்து கொடுத்தோம். எல்லாம் கச்சிதம் என்று அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜாமீனுக்கும் இந்த இண்டெம்னிட்டி என்கிற ஈட்டுறுதிக்கும் உள்ள வித்தியாசம் அன்றுதான் எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஜாமீனில் மூன்று பேர். இதில் இரண்டே பேர்: நஷ்டம் வந்தால் தருகிறேன் என்கிறவர், அதை வாங்கிக்கொள்கிறவர். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டோம். மூன்றாவது ஆள் இரண்டு தெரு தள்ளித் தறி ஷட்டிலுக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு உரிமை உண்டு என்று எனக்குத் தெரிந்ததால்தானே அவர் பெயரை அந்தத் தாளில் எழுதச் சொன்னேன்? மறதி என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது. அந்தத் தாள் சாட்சி.

ஐந்து மாதத்தில் அந்தக் காடு விலைபோனது. அந்தப் பக்கம் பெரிய ஜவுளிப் பூங்கா வருகிறது என்ற பேச்சில் முள்ளுக்காட்டுக்கும் மவுசு வந்திருந்தது. தறிக்காரர் விற்ற பணத்தில் வெளிக்கடன்களை அடைத்துவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டார். அண்ணாச்சி கட்டிய தொகைக்கு அந்தக் காடு தாராளமாகக் காணும் என்று விற்ற விலையைக் கேட்டதும் மனக்கணக்கில் போட்டுப் பார்த்தேன்.

மறுவாரம் அண்ணாச்சி வந்தார். கையில் வில்லங்கச் சான்று.

"சார், வக்கீலு ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாரு. பத்திரத்த யாருகிட்ட குடுத்தீக?"

"வச்சவருகிட்டத்தான் அண்ணாச்சி. அதான முறை."

"பேங்க்கு மேல எதும் கேக்க முடியுமாங்காரு."

அடமானத்தை ஜாமீன்தாரரைக் கேட்காமல் கைவிட்டால், அதன் மதிப்பு அளவுக்கு அவர் பொறுப்பு நீங்கிவிடும், ஆகவே கட்டிய பணத்தில் அவ்வளவையும் எங்களிடமே கேட்கலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஈட்டுறுதித் தாள் என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது.

"நீங்க கட்டுன பணத்த அவரு உங்களுக்குத் திருப்பித் தந்தாகணும். எழுதிக் குடுக்காட்டியும் சட்டப்படி அது உண்டு. அவர் மேல கேஸ் போடுங்க, கண்டிப்பா ஜெயிக்கும்" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பிறகு குரலைத் தணித்து, "பேங்க்க எதுக்கு இழுத்துக்கிட்டு? எனக்கு அடுத்த மாசம் ரிட்டயர்மெண்டு வேற" என்றேன்.

அவர் வில்லங்கச் சான்றை நாலாக மடித்தார். "சரி சார். வாரேன்" என்று எழுந்து போனார்.

தறிக்காரர் மேல் வழக்குப் போட்டார். ஜெயித்தார். தீர்ப்பை வைத்துக்கொண்டு ஜப்தி செய்யப் போனால் திருப்பூரில் வாடகை வீடும் ஒரு சைக்கிளும்தான் இருந்தன. அண்ணாச்சி கடையைப் பாதியாகத் தடுத்து மறுபாதியை செல்போன் கடைக்கு வாடகைக்கு விட்டார். மகள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். விளக்கம் கேட்டு வங்கியிலிருந்து எனக்கு எந்தக் குறிப்பாணையும் வரவில்லை. ஓய்வூதியம் மாதம் பிறந்தால் கணக்கில் விழுந்தது. கடைத்தெருவுக்குப் போனால் அவர் கடை இருக்கிற தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு போவேன். கால் வலிக்கு நடப்பது நல்லது என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு நாள் காலையில் குளித்துவிட்டு நேராக அந்தத் தெருவுக்கே போனேன். அண்ணாச்சி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். கடையில் வேறு யாரும் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பத்திரம் அவருக்கு வர வேண்டியது என்பதை, அது எனக்குத் தெரியும் என்பதை, காராச்சேவை, ஈட்டுறுதித் தாளை, எதையும் விடவில்லை.

அவர் ஒரு பேரிங்கைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"வக்கீலு அன்னைக்கே சொன்னாரு சார். பேங்க்கு மேல போட்டா நிக்கும்னாரு. பத்திரத்தக் குடுத்த கையெழுத்து யாரோடதோ அவுகளத்தான் கூண்டுல ஏத்தணும்னாரு. நீங்கதான் அடுத்த மாசம் ரிட்டயர்மெண்டுன்னு சொன்னீகளே. ஒரு வாழ்நாள் சம்பாத்தியம். மனசு வரல."

சேமிப்பில் இருப்பதில் ஒரு பகுதியாவது தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள் என்று உளறினேன்.

"கடன வாங்குனது நீங்க இல்லையே சார்" என்று சிரித்தார். "இப்பவாச்சும் வந்து சொன்னீகளே. மூணு வருசமா இத வச்சுக்கிட்டு எம்புட்டுக் கஷ்டப்பட்டீகளோ." பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்து இரண்டு டீ சொன்னார்.

கடன் வாங்கியது நான்தான். நான் கேட்காமலே, எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாமல், எனக்கும் அவர்தான் ஜாமீன் நின்றிருக்கிறார். மகள் வீட்டு மனையைக் கொடுத்துக் கட்டியும் இருக்கிறார்.

டீயைக் குடித்தேன். ஆனால் ஒன்றை அவரிடம் சொல்லவில்லை. வங்கி மேல் வழக்குப் போட மூன்று வருடக் கெடு. பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து எண்ணி, வீட்டு நாள்காட்டியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். அந்தப் புள்ளியைத் தாண்டி ஆறு நாள் போன பிறகுதான் நான் அவர் கடைப் படியேறினேன்.