திருத்தம் இரண்டு சுற்று மட்டும்

விழா வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கும் எடிட்டர் அவர். வாயில் 'முடியாது' என்ற சொல் மட்டும் வராது. அவருடைய கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். 'இறுதி', 'இறுதி உண்மை', 'இறுதி இதற்கு மேல் இல்லை', 'இறுதி சத்தியமாக' என்று ஒரே கல்யாணத்துக்குப் பதினான்கு கோப்புகள் கிடக்கும். அந்தத் தம்பதிக்குக் குழந்தை பிறந்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. வீடியோ இன்னும் திருத்தத்தில்தான் இருக்கிறது.

இப்படித்தான் போன வருஷம் சொந்த மகளுடைய பட்டமளிப்பு விழாவுக்கே போகவில்லை மனுஷன். யாரோ ஒருவருக்கு மேடைப் பூக்களின் நிறம் பிடிக்கவில்லையாம், மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது அந்த மகளுக்குத் தலைப்பிரசவம். வெளிநாட்டில், ஏழு மணி நேர விமானப் பயணத் தூரத்தில் இருக்கிறாள். இருபத்தெட்டாம் தேதிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று.

"நீங்க வரலேன்னா நான் மட்டும் போவேன்," என்றாள் மனைவி. ஸ்டூடியோவின் போன், கணக்கு, கோபம் எல்லாம் அவள் பொறுப்பு. "பேரப்பிள்ளைகிட்ட, தாத்தா பூவுக்குச் சாயம் பூசிட்டு இருக்காருன்னு சொல்லிக்கிறேன்."

அந்த நேரம் பார்த்தா இந்த வேலை வர வேண்டும்? ஒரு அம்மாவின் எழுபதாவது பிறந்தநாள் வீடியோ. ஒரு கேமராவை எடிட்டரே பிடித்திருந்ததால் சங்கதி அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த அம்மாவுக்குப் பெரிய மகன், நடுவில் மகள், சின்ன மகன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை எந்த மூலையில் வைப்பது என்று ஆரம்பித்த சண்டையில் மூவருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. விழா மண்டபத்திலும் ஆளுக்கொரு மேசை. நான்கு மணி நேரப் பதிவில் மூவரும் சேர்ந்து நிற்கிற ஒரு காட்சி இல்லை.

வெட்டத் தொடங்குவதற்கு முன்பே மூன்று போன். "அண்ணன் வர்ற இடத்தையெல்லாம் தூக்கிடுங்க," என்றாள் மகள். "அவ பேசினதைக் குறைங்க, மூணு நிமிஷம் எதுக்கு?" என்றார் பெரியவர். சின்னவர் ஒரு படி மேலே போய், "நானும் அம்மாவும் மட்டும் இருக்கிற மாதிரி ஒண்ணு தனியா பண்ணிக் கொடுங்களேன்," என்றார். எடிட்டர் மூவருக்கும் "செஞ்சுடலாங்க" என்றார். கேட்டுக்கொண்டிருந்த மனைவிக்கு ரத்தம் கொதித்தது.

"இப்படி உட்காருங்க. நான் சொல்லச் சொல்ல மெயில் அடிங்க."

அவள் சொன்னாள், அவர் அடித்தார். முதல் வடிவம் பத்தாம் தேதி பார்வைக்கு வரும். திருத்தம் இரண்டு சுற்று மட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே பட்டியல்தான். எந்த நிமிடம், எந்த நொடி, என்ன மாற்றம் என்று குறித்து, குடும்பத்தின் சார்பில் ஒருவர் அனுப்ப வேண்டும். போனில் சொல்வது கணக்கில் வராது. முதல் பட்டியல் பதினான்காம் தேதிக்குள் வந்தால், திருத்திய வடிவம் பத்தொன்பதாம் தேதி. இரண்டாம் பட்டியலுக்குக் கெடு இருபத்திரண்டு; அதில் சின்னச் சின்னப் பிழைகள் மட்டும். காட்சி வரிசையையோ பாட்டையோ மாற்றினால் அது புது வேலை. கெடுவுக்குள் பட்டியல் வராவிட்டால் அந்தச் சுற்று முடிந்ததாகக் கொள்ளப்படும். முழுத்தரக் கோப்பு இருபத்தைந்தாம் தேதி கையில் கிடைக்கும்.

"கொஞ்சம் கடுமையா இருக்கே. 'தங்களுக்குச் சிரமம் இல்லையென்றால்'னு ஒண்ணு சேர்க்கட்டுமா?"

"சேர்த்துப் பாருங்க!"

சேர்க்கவில்லை. மூவருக்கும் ஒரே மெயிலாகப் போனது.

அடுத்த நாள் ஆகாயமே இடிந்து விழுந்தது போலப் பெரியவர் கத்தினார். "ஒரே பட்டியலா? அவங்களோட உட்கார்ந்து நான் எழுதணுமா? என்ன விளையாடறீங்களா?" எடிட்டருக்கு வேர்த்துவிட்டது. நாக்கு நுனி வரைக்கும் 'செஞ்சுடலாங்க' வந்தது. மனைவி எதிரே நின்றுகொண்டு டிக்கெட்டை விசிறி மாதிரி ஆட்டினாள். "மெயில்ல இருக்கிறபடிதாங்க," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். ஆனால் ஒருவிதமான சந்தோஷமும் இருந்ததை ஒளிப்பானேன்?

பதினான்காம் தேதி சாயங்காலம் பட்டியல் வந்தது. மூவரும் அம்மா வீட்டில் கூடி, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஆறு மணி நேரம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஒருவர் எழுதியதை அடுத்தவர் அடிக்க, அவர் எழுதியதை மூன்றாமவர் அடிக்க, மிஞ்சியது நான்கே நான்கு. பெயர்ப்பலகையில் அம்மாவின் வயது சரியாகத் தெரியவில்லை. இரண்டாம் பாட்டின் சத்தம் அதிகம். கேக் வெட்டும்போது படம் இருட்டாக இருக்கிறது. நான்காவதை மட்டும் மூவரும் ஏகமனதாக எழுதியிருந்தார்கள்: 'பன்னிரண்டாவது நிமிடம் நாற்பதாவது நொடியில் கண்ணாடியில் தெரியும் தொப்பைக்காரரை நீக்கவும்.'

எடிட்டர் ஓட்டிப் பார்த்தார். கேமராவும் கையுமாக அவரேதான்.

மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "எடுங்க, எடுங்க. வாடிக்கையாளர் சொல்லே நமக்கு வேதம்!" அவர் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரமாக நகர்த்தித் தன்னைத்தானே வெட்டி எறிந்தார். பத்தொன்பதாம் தேதி சொன்னபடி இரண்டாம் வடிவம் போய்ச் சேர்ந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தேதி தவறவில்லை என்பதில் அவருக்கே பெருமை தாங்கவில்லை. பெட்டி கட்டும் வேலையைக்கூடத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் காலை ஒரு போன். "தம்பி, நான்தான் அந்தப் பிறந்தநாள்காரி பேசறேன்."

"சொல்லுங்கம்மா. படம் சரியா வந்திருக்கா?"

"படம் கிடக்கட்டும். இன்னும் ஒரே ஒரு சுற்றுதானாமே? அதை அஞ்சாறா ஆக்க முடியாதா?"

"ஏம்மா, நிறைய திருத்தம் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல தம்பி." பிறந்தநாள்காரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அன்னைக்கு மூணும் என் வீட்டுக்கு வந்துச்சுங்க. உர்ருன்னுதான் உட்கார்ந்துச்சுங்க, சண்டைதான் போட்டுச்சுங்க. ஆனா அந்தத் தொப்பைக்காரரைப் பார்த்துட்டு மூணும் ஒண்ணா சிரிச்சுதுங்க பாருங்க... மூணு வருஷமா என் வீட்ல அந்தச் சத்தம் இல்ல தம்பி. போகும்போது பெரியவன் தங்கச்சிகிட்ட 'சாப்டியா'ன்னு கேட்டான். சுற்று முடிஞ்சுட்டா, அப்புறம் எதைச் சொல்லி நான் கூப்பிடுவேன்?"

பத்துச் சுற்று வைத்துக்கொள்ளுங்கள் அம்மா என்று சொல்லத்தான் எடிட்டருக்கு மனசு துடித்தது. சொன்னால் இருபத்தெட்டாம் தேதி போச்சு. மகள் வேறு கண்ணுக்குள் வந்து நின்றாள். ஒலிபெருக்கியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, அதிசயமாக, இந்த முறை டிக்கெட்டை ஆட்டவில்லை.

"சுற்றைக் கூட்ட முடியாதும்மா," என்றார் எடிட்டர். தன் வாயிலிருந்து வந்த சொல்லை அவராலேயே நம்ப முடியவில்லை. பிறகு, "ஆனா கெடுவை எடுத்துடலாம்," என்றார்.

அந்த மெயிலை அவரே அடித்தார், யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டாம் பட்டியலுக்கு இருபத்திரண்டாம் தேதிக் கெடு நீக்கப்படுகிறது. மூவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து முடிவு வரை பார்த்து, ஒத்துக்கொண்ட பட்டியல் மட்டுமே ஏற்கப்படும். ஒரே நாளில் முடியாவிட்டால் எத்தனை நாள் வேண்டுமானாலும் கூடிப் பார்க்கலாம். இருபத்தெட்டாம் தேதியிலிருந்து ஸ்டூடியோ ஒரு மாதம் மூடியிருக்கும். திறந்தபின் பட்டியல் வந்ததும் மூன்று நாளில் முழுத்தரக் கோப்பு தரப்படும்.

"பரவாயில்லையே, நீங்ககூட உருப்படியா எழுதறீங்க!" என்று சொல்லிவிட்டு மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அரை மணி நேரத்தில் பிறந்தநாள்காரி மறுபடி கூப்பிட்டாள். மகள் படித்துக் காட்டினாளாம்.

"ஏன் தம்பி, ஒரு மாசம்தான் லீவா?"

"ஆமாம்மா. மகளுக்குப் பிரசவம்."

"முதல் பேரப்பிள்ளையை விட்டுட்டு ஒரு மாசத்துல ஓடி வர்றதாவது! மூணு மாசம் இருந்துட்டு வாங்க. இங்க ஒரு அவசரமும் இல்ல."