பெயருக்கு முன்னால் ஒரு லேட்

திருவொற்றியூரில், கன்டெய்னர் யார்டுகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு கான்ட்ராக்டர் ஆபீசில் நான் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம். யார்டுக்குள் போக ஒவ்வொரு தொழிலாளிக்கும் கேட் பாஸ் வேண்டும். வருடா வருடம் அதைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான பட்டியலை எங்கள் சூப்பர்வைசர் எக்செல் ஃபைலாக அனுப்பியிருந்தார். முதல் பத்தியில் மிஸ்டர், மிஸஸ். இரண்டாவதில் பெயர். மூன்றாவதில் அப்பா பெயர் அல்லது இனிஷியல். யார்டின் பாஸ் செக்‌ஷனோ மூன்றும் சேர்ந்த முழுப்பெயரை ஒரே பத்தியில் கேட்டது.

எனக்கு முன்னால் இருந்தவர் ஒவ்வொரு பெயராகத் தட்டச்சு செய்வாராம், இரண்டு நாள் ஆகுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. =A2&" "&B2&" "&C2 என்று போட்டேன். சேர்ந்தது. ஆனால் மிஸ்டர் போடாமல் விட்ட வரிகளில் பெயருக்கு முன்னால் ஒரு இடைவெளி சும்மா நின்றது. இனிஷியல் இல்லாதவர்களுக்குப் பின்னால் ஒன்று. விடுவேனா? =TEXTJOIN(" ",TRUE,A2:C2). அந்த TRUE காலிக் கட்டங்களைத் தாண்டிப் போய்விடும். கட்டத்தின் மூலையில் இரண்டு கிளிக், கடைசி வரி வரைக்கும் சரசரவென்று இறங்கியது. மூலப் பத்திகளை அழித்தால் ஃபார்முலா உடையும் என்பதும் தெரியும். அதனால் காப்பி எடுத்து, மதிப்பாக மட்டும் ஒட்டி, பிறகுதான் மூன்றையும் அழித்தேன். டீ வருவதற்குள் மெயில் போய்விட்டது. இறங்கி வந்த பெயர்களை ஒரு தடவை படித்துப் பார்க்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து ஒருவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். கொருக்குப்பேட்டைக்காரர். லாரியில் ஏற்றிய கன்டெய்னர்களுக்குப் பூட்டு மாட்டுகிறவர்.

"இன்னா பாப்பா, என்னிய உள்ள வுட மாட்றான். செக்யூரிட்டி கம்ப்யூட்டரப் பாத்துட்டு நீ செத்துட்டன்றான்."

"காரியம் என்னிக்கு மாமு? லீவு சொல்லணும்ல" என்றார் கூட வந்தவர். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

நான் அனுப்பிய ஃபைலைத் திறந்தேன். அவருடைய பெயருக்கு முன்னால் Late என்று இருந்தது. சூப்பர்வைசரின் பழைய ஃபைலைத் தேடி எடுத்தேன். மிஸ்டர் இருக்க வேண்டிய கட்டத்தில் அதே Late.

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். "ஆதார் ஜெராக்ஸ லேட்டா குட்தாம்மா. மறந்துடும்னு அங்க எழ்தி வெச்சேன், காலியா கீதேன்னு. நீ அதையும் சேத்து ஒட்டுவேன்னு எனக்கு இன்னா தெரியும்?"

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஃபார்முலாவுக்கு அது காலிக் கட்டம் இல்லை, ஒரு சொல். அதை எடுத்து அந்தத் தொழிலாளியின் பெயருக்கு முன்னால் வைத்து, அழகாக ஒரே ஒரு இடைவெளியும் விட்டிருந்தது.

அன்றே திருத்தம் அனுப்பினேன், ஒரே வரி, கையால் அடித்தது. இறந்ததாக மூடிய பாஸ் எண்ணை மறுபடி திறக்க வழியில்லை என்று பதில் வந்தது. புது பாஸுக்கு விண்ணப்பித்தேன். இந்த ஆதார் ஏற்கெனவே மூடிய ஒரு எண்ணில் இருக்கிறது என்று திரும்பியது. அவரையே கூட்டிக்கொண்டு பாஸ் செக்‌ஷனுக்குப் போனேன்.

"சார், ஆளு இங்கதான் நிக்கறாரு."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்லவர்தான். "பாக்கறேம்மா. நான் பாத்து இன்னா ஆவப்போது? ஹெட் ஆபீஸ்லதான் தொறக்கணும்."

ஹெட் ஆபீசுக்கு நான் எழுதிய மெயில்களுக்கெல்லாம் 'உங்கள் கோரிக்கை பெறப்பட்டது' என்ற ஒரே பதில், தானாக வருவது. பூட்டு மாட்டுகிறவர் சாப்பாட்டு டப்பாவோடு தினமும் காலையில் வருவார். நான் இல்லை என்று தலையசைப்பேன். பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். மூன்று வாரம் ஆனதும் அவருடைய இடத்துக்குக் கான்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டார். அந்தப் பெயரையும் நான்தான் பட்டியலில் சேர்த்தேன்.

அதற்குப் பிறகு அவர் ஒரு தடவைதான் வந்தார்.

"பாப்பா, பாஸுக்குக் குட்த ஃபோட்டோ ரெண்டு கீதுல்ல, அத்தக் குடு. கூட்ஸ் ஷெட்டுல மூட்டை தூக்க ஆள் எடுக்கறானாம், அங்க கேக்கறான்."

கோப்பிலிருந்து பிரித்து எடுத்தேன். இரண்டிலும் கன்னத்தின் மேல் எங்கள் ஆபீஸ் முத்திரை ஊதாவாகக் குத்தியிருந்தது. விரலால் தேய்த்தேன், போகவில்லை.

"வுடு பாப்பா, மூஞ்சி தெரியுதே" என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.