எம் 80

மலேசியாவின் சுங்கை பட்டாணியில், பாகங்களைப் பூட்டி மின் ஸ்கூட்டர் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் வண்டிகளுக்குப் பெயர் வைக்கும் வேலை என்னிடம் வந்தது. புலி, மின்னல் என்றெல்லாம் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். பெயரைக் கேட்டதும் வண்டி என்னவென்று தெரிய வேண்டும். நகர ஓட்டத்துக்கு 'பி'; மலாயில் பண்டார் என்றால் நகரம். சுமை ஏற்ற 'எம்'; முவாத்தான் என்றால் சுமை. அடுத்து, ஒரு சார்ஜில் ஓடும் கிலோமீட்டர். கடைசியில் எத்தனையாவது தலைமுறை என்ற எண்.

முதலாளிக்குப் பிடித்திருந்தது. ஆனால், சுமை வண்டிக்கு 'எம் 120-1' என்று ஸ்டிக்கர் அடிக்கச் சொன்னார். அந்த 120, சமதரையில், மெதுவான வேகத்தில், ஒரே ஆள் மட்டும் ஓட்டியபோது வந்த கணக்கு. சுமை வண்டியைச் சுமையில்லாமல் யார் ஓட்டுவார்கள்? மாட்டேன் என்றேன்.

"எதிர்க்கடைக்காரன் 150 போடுறான்மா. நாம கம்மியா போட்டா யாரு வாங்குவா?"

கையேட்டில் 'அதிகபட்சம்' என்று சின்ன எழுத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்லிப் பார்த்தார். கடைக்கு வருகிறவர் கையேட்டைக் கேட்பதில்லை, பெயரைத்தான் கேட்கிறார் என்றேன்.

மறுநாள் காலை முழு சார்ஜோடு, பின்னால் இரண்டு அரிசி மூட்டைகளைக் கட்டிக்கொண்டு கோலா கெத்தில் ஊருக்குப் போகும் பாதையில் நானே புறப்பட்டேன். முதலாளி காரில் பின்தொடர்ந்தார். போய்த் திரும்பி மறுபடியும் போனேன். செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் வண்டி இழுக்க மறுத்து நின்றது. அவர் இறங்கி வந்து குனிந்து மீட்டரைப் பார்த்தார். 83.

"சரி, நூறுன்னாச்சும் போடலாம்லா."

"நூறுன்னு நம்பிப் போறவரு இங்கதான் நிப்பாரு, பாஸ். யாருக்குப் போன் போடுவாரு? எண்பதுன்னா போடுங்க, இல்ல வேற ஆள பாத்துக்குங்க."

அவர் மூட்டைகளைக் காரில் ஏற்ற ஒரு கை கொடுத்தார்.

'எம் 80-1' என்றுதான் வண்டி வெளியே வந்தது. எதிர்க்கடையின் 150தான் அதிகம் விற்றது, மறைக்க ஒன்றுமில்லை. கூட்டம் போட்டபோதெல்லாம் முதலாளி அதைச் சொல்லிக் காட்டினார். நான் அசையவில்லை. பண்டார் பாரு ஊரில் தோசை மாவு விநியோகிக்கும் ஒரு அக்கா, எண்பது என்று சொன்னார்கள், எண்பது ஓடுகிறது என்று சொல்லி, தங்கைக்கும் ஒன்று வாங்கிப் போனார்.

புதிய பேட்டரி வந்ததும் அதே மூட்டைகளோடு 104 ஓடியது. 'எம் 100-2' என்று வைத்தேன். பழைய சரக்கும் சேர்ந்து விற்றுவிடும், எண்களை எடுத்துவிட்டு இரண்டையும் வெறும் 'எம்' என்றே விற்கலாமே என்றார் முதலாளி. இரண்டிலும் பேட்டரி சொருகும் வாய் வேறு; எண் இல்லாவிட்டால் கடைக்காரர் தவறான பேட்டரியை வரவழைப்பார் என்றேன். இந்த முறை அவர் வாதாடவில்லை. பழையதை விலை குறைத்து, அதன் பெயரிலேயே விற்றோம்.